தாடியில் சீழ்க்கொப்புளம்: களிம்பா, மாத்திரையா?

ஷேவ் செய்த இரண்டு நாளில் மோவாயிலோ மேலுதட்டின் மேலோ சிவந்த புள்ளிகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டூசித் தலையளவு மஞ்சள் சீழ். கண்ணாடியை நெருங்கி நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், அந்தச் சீழின் நட்டநடுவே ஒரு முடி துளைத்துக்கொண்டு வெளியே வருவது தெரியும். அந்த முடிதான் இந்த நோயின் அடையாளம். பருவில் முடி இப்படி நடுநாயகமாக நிற்பதில்லை. இதை மயிர்க்கால் அழற்சி என்கிறோம். தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் இளைஞர்களில் பலருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. ஆனால் இதற்காக நேரே மருத்துவரிடம் வருபவர்கள் குறைவு. மூன்று நான்கு மாதம் மருந்துக்கடையிலேயே வைத்தியம் பார்த்துவிட்டு, முகம் கெட்ட பிறகுதான் வருகிறார்கள்.

அப்படி வந்த பலரிடம் பார்த்ததை ஒருவருடைய கதையாகச் சேர்த்துச் சொல்கிறேன். வயது 27. ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை. தினமும் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டுதான் போய் நிற்க வேண்டும். தங்கியிருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், அறைக்கு மூன்று பேர். காலையில் பொதுக் குளியலறைக்கு வரிசை நிற்கும் என்பதால், முகத்தை லேசாக நனைத்து, கொஞ்சம் சோப்பைத் தேய்த்து, அறையிலேயே அவசரமாக ஷேவ் செய்துவிடுவார். குளியல் அதற்குப் பிறகு. ரேசர் ஈரத்தோடு சோப்பு டப்பாவில் கிடக்கும். ஒரே பிளேடு ஒரு மாதம் ஓடும்.

"மூணு நாள் மாத்திரை போட்டா அமுங்கிடுது டாக்டர். மூணு வாரத்துல திரும்ப வந்துடுது" என்றார். அவர் சொன்ன மாத்திரை அஸித்ரோமைசின் 500. கடைக்காரரே எடுத்துக் கொடுத்தது. கூடவே ஒரு டியூப். அதை வாங்கிப் பார்த்தால் உள்ளே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தன.

இந்த டியூபைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு போட்டதும் இரண்டு நாளில் சிவப்பு வடிந்துவிடும், வலியும் குறையும். உடம்பு கிருமியோடு போராடுவதால் வருவதுதான் அந்தச் சிவப்பு. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தைத்தான் நிறுத்துகிறது, கிருமியை அது தொடுவதில்லை. நிறுத்திய வாரத்தில் கொப்புளம் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். மாதக்கணக்கில் போட்டால் முகத்தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரியத் தொடங்கும், ஸ்டீராய்டாலேயே பருக்களும் வரும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதற்கு 2018-இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் நிலைதான் இன்னும் இருக்கிறது. தாடிக் கொப்புளத்துக்கு யார் எந்த டியூபைக் கொடுத்தாலும், அட்டையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி கிருமிக்கு வருவோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தோலையும் கீறிவிட்டுப் போகிறது. அந்தக் கீறல் வழியாகக் கிருமி மயிர்க்காலுக்குள் இறங்குகிறது. எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைப் பொறுத்துத்தான் களிம்பு போதுமா, மாத்திரை வேண்டுமா என்று முடிவாகிறது.

மயிர்க்காலை ஒரு குறுகிய கிணறாக நினைத்துக்கொள்ளுங்கள். தாடி முடியின் கிணறு சில மில்லிமீட்டர் ஆழம் போகும். வாய்ப்பகுதியில் மட்டும் கிருமி இருந்தால், மேலே சின்னச் சீழ்ப்புள்ளி, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம், தொட்டால் லேசான வலி, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் அடியில் கட்டி எதுவும் தட்டுப்படாது. மேலே தடவுகிற களிம்பு அந்த இடத்துக்கு நன்றாகவே போய்ச் சேரும். கிருமி அடிவரைக்கும் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. தோலுக்கு அடியில் பட்டாணி போல ஒரு முடிச்சு தட்டுப்படும், தொட்டாலே வலிக்கும். பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் சேர்ந்து கன்னம் தடித்துப்போகும். அவ்வளவு ஆழத்துக்குக் களிம்பு போதிய அளவில் இறங்காது. ஆனால் முடியின் வேரைச் சுற்றி ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. மாத்திரை ரத்தத்தில் கலந்து அடியிலிருந்து அங்கே போய்ச் சேர்கிறது.

ஆகவே மாத்திரையை வலுவான மருந்து என்றும் களிம்பைச் சாதாரண மருந்து என்றும் நினைப்பது தவறு. மேலோட்டமான கொப்புளம் நாலைந்து இருக்கும்போது, களிம்பு அந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருந்தின் அளவு, மாத்திரை கொண்டுசேர்ப்பதைவிட மிக அதிகம். இதே கிருமியால் குழந்தைகளின் வாயைச் சுற்றி வரும் தேன்நிறப் பொருக்குப் புண்ணில் இதை நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புண் சில இடங்களில் மட்டும் இருந்தால் மியூபிரோசின், ஃபியூசிடிக் ஆசிட் களிம்புகள் மாத்திரைக்குக் குறைந்தவை அல்ல என்பது தெளிவாகியிருக்கிறது. அவற்றால் வயிற்றுப்போக்கு வராது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் கேடு இல்லை.

தடவும் முறைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2 சதவீத மியூபிரோசினை ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஃபியூசிடிக் ஆசிட் என்றால் இரண்டு மூன்று வேளை, ஐந்திலிருந்து ஏழு நாள் போட வேண்டும். முதலில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுத்து, உலர்ந்த பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்துவிட வேண்டும். பொருக்குக்கு மேலே தடவும் களிம்பு பொருக்கிலேயே நின்றுவிடும். கொப்புளத்தோடு நிறுத்தாமல் அதைச் சுற்றி ஒரு விரற்கடை தூரத்துக்கும் பூச வேண்டும். பத்து நாளுக்கு மேல் நீட்டக் கூடாது. டியூபை மேசையில் வைத்துக்கொண்டு கொப்புளம் கிளம்பும்போதெல்லாம் ஒரு பொட்டு வைப்பது பலருக்கும் பழக்கம். மியூபிரோசினுக்கும் ஃபியூசிடிக் ஆசிடுக்கும் அடங்காத கிருமி இப்படித்தான் உருவாகிறது. அடிக்கடி லேசாக வருகிறவர்களுக்கு 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு முகக்கழுவி நல்ல துணை. கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்வதில்லை. ஆனால் அது துண்டின் சாயத்தை வெளுத்துவிடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

மேன்ஷன் இளைஞருக்கு வருவோம். மேலுதட்டிலும் மோவாயிலும் பதினைந்துக்கு மேற்பட்ட சீழ்ப்புள்ளிகள். இடது தாடைக்குக் கீழே இரண்டு முடிச்சுகள். தாடையின் அடியில் ஒரு நெறிகட்டியும் இருந்தது. இது களிம்பின் எல்லையைத் தாண்டிவிட்டது.

ஆனாலும் உடனே மாத்திரை எழுதவில்லை. முதலில் இது பாக்டீரியாதானா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. தாடியில் இதைப் போலவே வேடம் போடும் இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று பூஞ்சை. கொப்புளத்திலுள்ள முடியை இடுக்கியால் இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. பூஞ்சை தாக்கிய முடி வலியில்லாமல் தளர்ந்து கையோடு வந்துவிடும். பாக்டீரியா என்றால் முடி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் சுருக்கென்று வலிக்கும். மாடு கன்று வளர்ப்பவர்களுக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் சீழ்கோத்து வீங்கினால் முதலில் பூஞ்சையைத்தான் சந்தேகிக்க வேண்டும், கால்நடையிலிருந்து தொற்றும் வகை அது. அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. களிம்பும் வேர் வரை போகாது என்பதால் வாரக்கணக்கில் பூஞ்சை மாத்திரை தேவைப்படும்.

மற்றொன்று, உள்நோக்கி வளரும் முடி. சுருட்டை முடிக்காரர்களுக்கு அதிகம். ஒட்ட வெட்டப்பட்ட முடியின் கூரிய முனை வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்துகிறது. உடம்பு அதை முள்ளாகப் பாவித்துச் சுற்றிலும் வீங்குகிறது. கழுத்தின் முன்புறத்தில் கருத்த சிறு மேடுகளாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் தோலுக்கடியில் முடி கொக்கி போல வளைந்து கிடப்பது தெரியும். பெரும்பாலும் அங்கே கிருமியே இருக்காது. இந்த நோய்க்கு வருடக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்கியவர்களைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கும். ஷேவிங்கை நான்கு வாரம் நிறுத்தினாலே முடி நீண்டு தானாக விடுபட்டுக்கொள்ளும்.

இவருக்கு முடி இறுக்கமாகத்தான் இருந்தது. தோல் சுரண்டலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை இல்லை. உடையாத ஒரு கொப்புளத்தைத் துடைத்து, கிருமி நீக்கிய ஊசியால் குத்தி, வந்த சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். கூடவே இரண்டு மூக்குத் துவாரத்திலிருந்தும் ஒரு பஞ்சுக்குச்சி. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையும் பார்த்தோம். சரியான அளவில் இருந்தது. திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும் யாருக்கும் இந்தச் சர்க்கரைப் பரிசோதனையை விடக் கூடாது. தனக்கு நீரிழிவு இருப்பதைத் தாடிக் கொப்புளம் மூலமாகத் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

சீழ் எடுத்த அன்றே செஃபலெக்சின் தொடங்கினோம். 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஏழு நாள். மூன்றாம் நாள் கல்ச்சர் முடிவு வந்தது. கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். செஃபலெக்சினுக்கு அடங்கும், டாக்சிசைக்ளினுக்கும் அடங்கும். ஆனால் அஸித்ரோமைசினுக்கு அடங்காது. அவர் மாதாமாதம் வாங்கிப் போட்ட மாத்திரை அந்தக் கிருமியை ஒன்றும் செய்திருக்காது. ஒவ்வொரு முறையும் அமுங்கியது கூட இருந்த ஸ்டீராய்டு களிம்பால்தான். ஒருவேளை செஃபலெக்சினுக்கும் அடங்காத வகையாக இருந்திருந்தால், டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளையோ, சல்ஃபா ஒவ்வாமை இல்லையென்றால் கோட்ரைமாக்சசோலோ கொடுத்திருப்போம். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பெனிசிலின் ஊசியோ மாத்திரையோ போட்டு உடம்பு தடித்ததுண்டு என்றால், செஃபலெக்சின் எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏழு நாளும் முகத்தில் பிளேடு படக் கூடாது என்று சொன்னோம். "வேலையில ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார். ஆறு வாரத்துக்குத் தாடி மழிக்கக் கூடாது என்று சான்று எழுதிக் கொடுத்தோம். மருந்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. கொப்புளத்தின் மேலேயே ஷேவ் செய்தால், பிளேடு ஒரு மயிர்க்காலின் சீழை வழித்து அடுத்த ஐம்பது மயிர்க்காலில் பூசிக்கொண்டே போகிறது.

எட்டாம் நாள் வந்தபோது முடிச்சுகள் கரைந்திருந்தன, சீழ் எங்குமில்லை. இந்த இடத்தோடு வைத்தியத்தை முடித்துக்கொள்வதால்தான் மூன்று வாரத்தில் திரும்ப வருகிறது. கன்னத்திலிருந்து விரட்டிய கிருமி இன்னும் ஓரிடத்தில் குடியிருக்கிறது. அந்த இடம் மூக்கு.

நூறு பேரில் ஏறக்குறைய 20 முதல் 30 பேருக்கு, மூக்கின் முன்வாசலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நிரந்தரமாகத் தங்கியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் நாம் மூக்கைத் தொடுகிறோம், அதே விரலால் மோவாயைத் தடவுகிறோம், பிறகு ஷேவ் செய்கிறோம். கீறிய தோலில் கிருமி மறுபடி விதைக்கப்படுகிறது. மீசைப் பகுதியில் இந்த நோய் அடிக்கடி வருவதற்கும் இந்த அண்மைதான் காரணம். இவருடைய மூக்கிலும் அதே கிருமிதான் வளர்ந்தது.

மூக்கைச் சுத்தம் செய்யும் வைத்தியம் ஐந்து நாள். மூக்குக்கென்றே வரும் மியூபிரோசின் களிம்பைத் தீக்குச்சித் தலையளவு பஞ்சுக்குச்சியில் எடுத்து, ஒவ்வொரு துவாரத்தின் முன்பகுதியிலும் காலை, மாலை தடவ வேண்டும். பிறகு மூக்கின் மடல்களை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிசைந்தால் உள்ளே பரவும். அதே ஐந்து நாளும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலால் கழுத்திலிருந்து கால்வரை தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். கண்ணிலும் காதுக்குள்ளும் அது படக் கூடாது. துண்டு, தலையணை உறை, பனியன் எல்லாம் அன்றாடம் சோப்பில் துவைத்து வெயிலில் காய வேண்டும். துவைக்காத பழைய துண்டில் முகம் துடைத்தால் ஐந்து நாள் உழைப்பும் வீண். இந்த வைத்தியம் எல்லோருக்கும் தேவையில்லை. முகத்தில் நன்றாக ஆறிய பிறகும் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு மட்டுமே. அவர்களிலும் சிலருக்குச் சில மாதத்தில் கிருமி மூக்குக்குத் திரும்பிவிடும்.

பேச்சுவாக்கில், அறைத்தோழர் ஒருவருக்குத் தொடையில் அடிக்கடி கட்டி வரும் என்று சொன்னார். துண்டு அவசரத்துக்கு மாறுமா என்று கேட்டேன். "ரேசரே சில சமயம் மாறும் டாக்டர்" என்றார். அந்தத் தோழரையும் வரச்சொல்லி, இருவருக்கும் ஒரே வாரத்தில் மூக்கு வைத்தியம் செய்தோம். ஒருவருக்கு மட்டும் செய்திருந்தால் கிருமி அந்த அறையை விட்டுப் போயிருக்காது.

ஆறு வாரமும் அவர் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொண்டார். அதன் பிறகு ஷேவிங்கைத் தொடங்கியபோது பழக்கத்தையே திருப்பிப் போட வேண்டியிருந்தது. முதலில் குளியல், பிறகு ஷேவ். உலர்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் நன்றாக இளகிவிடும், பிளேடை அழுத்த வேண்டிய தேவை குறையும். குளிக்க நேரமில்லை என்றால், வெந்நீரில் நனைத்த துணியை அத்தனை நேரம் முகத்தில் வைத்துக்கொண்டாலும் போதும். பிறகு நுரை. முடி எந்தப் பக்கம் படிந்து வளர்கிறதோ அந்தப் பக்கமாகவே பிளேடை இழுக்க வேண்டும். கழுத்தில் இந்தத் திசை இடத்துக்கு இடம் மாறும், இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பார்த்தால் புரியும். தோலை மறு கையால் இழுத்துப் பிடிக்காமல், ஓர் இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். எதிர்த்திசை இழுப்பு கன்னத்தைக் கண்ணாடி போல ஆக்கும். தோல் கீறப்படுவதும் முடி உள்ளே குத்துவதும் அதில்தான் அதிகம். நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றி, ரேசரைக் கழுவி உதறி, நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். முடிந்ததும் டெட்டால் அப்பிக்கொள்ளும் வழக்கத்தை அவர் விட்டார். கலக்காத கிருமிநாசினி கீறிய தோலை எரித்துப் புதிய புண்ணைத்தான் உண்டாக்கும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் பூசினால் போதும்.

சலூனுக்குப் போகிறவர்கள் பிளேடை மட்டும் பார்க்கிறார்கள். உறையோடு பிளேடை இரண்டாக ஒடித்துப் புதுப் பாதியைக் கத்தியில் மாட்டுவது இன்று பெரும்பாலும் எல்லாக் கடையிலும் நடக்கிறது, நல்ல வழக்கம். ஆனால் நுரை போடும் பிரஷ் காலையிலிருந்து பல முகங்களைப் பார்த்தது. கழுத்தில் சுற்றும் துண்டும் அப்படித்தான். கடைசியில் ஈரப்படுத்தித் தேய்க்கும் படிகாரக்கல், ரத்தம் கசிந்த எத்தனை முகங்களில் தேய்ந்ததோ. படிகாரம் ரத்தத்தை நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் ஒரே கல்லை எல்லோருக்கும் தேய்ப்பது கிருமியைக் கைமாற்றும் வழி. கல் வேண்டாம், கையாலேயே நுரை போடுங்கள் அண்ணே என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. துண்டை வீட்டிலிருந்து கொண்டுபோவது இன்னும் நல்லது.

மேலுதட்டிலோ மூக்கருகிலோ வரும் சீழ்க்கட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் பிதுக்கக் கூடாது. அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்களுக்கு மூளைக்கு அருகே உள்ள ரத்தக் குழாய்களோடு தொடர்பு உண்டு. அபூர்வமாகத்தான் நடக்கும் என்றாலும், தொற்று அங்கே பரவினால் உயிருக்கே ஆபத்து. முகக்கட்டியோடு காய்ச்சல், கடுந்தலைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். களிம்பா மாத்திரையா என்று யோசிக்கும் கட்டமல்ல அது.

மேன்ஷன் இளைஞருக்கு இரண்டு மாதம் கழித்து மோவாயில் மறுபடியும் மூன்று புள்ளிகள் வந்தன. பயந்துபோய் ஓடிவந்தார். அழுத்திப் பார்த்தேன், அடியில் முடிச்சு இல்லை, நெறியும் கட்டவில்லை. இம்முறை மாத்திரை எழுதவில்லை. மியூபிரோசின் ஐந்து நாள் தடவினார், ஒரு வாரம் டிரிம்மருக்கு மாறினார், ஆறிப்போனது. பிளேடு மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்று வாரம் இருக்கும் என்றார்.